கடை வாடகை உயர்வு: ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கேட்டது

சென்னையில் கடைக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போடும்போது, மாத வாடகை 20,000 ரூபாய் என்பதில் பேச்சே இல்லை. "ஆண்டுக்கு 10 சதவீதம் உயர்வு" என்ற வரியில்தான் சிக்கல். எதன் மேல் 10 சதவீதம் என்று அதில் இல்லை. முதல் ஆண்டு வாடகையின் மேல் என்றால் ஐந்தாம் ஆண்டில் 28,000. முந்தைய ஆண்டு வாடகையின் மேல் என்றால் 29,282.

இரண்டையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதினேன். பக்கத்திலேயே 6 சதவீதக் கணக்கையும் போட்டேன்: 20,000, 21,200, 22,472, 23,820, 25,250. என் வியாபாரம் தாங்கக்கூடியது இதுதான். உரிமையாளரிடம் அந்தத் தாளைக் காட்டி, "சார், விலைவாசிக்கு ஏற்ப உங்களுக்கும் ஏறணும், நானும் ஐந்து வருஷம் நிலைச்சு நிற்கணும்" என்றேன். வெறும் சதவீதத்தைப் பேசியபோது இறங்காதவர், ரூபாயாகப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் வரியை இப்படி எழுதினோம்: "ஒப்பந்தம் தொடங்கிய தேதியிலிருந்து 12 மாதம் முடியும் ஒவ்வொரு முறையும், அப்போது நடப்பிலுள்ள மாத வாடகையில் 6 சதவீதம் உயரும். பராமரிப்புக் கட்டணத்துக்கும் முன்பணத்துக்கும் இந்த உயர்வு பொருந்தாது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முன்பணம் "பத்து மாத வாடகை" என்று மட்டும் இருந்தால், வாடகை ஏறும்போது முன்பணத்திலும் மீதியைக் கேட்கலாம். அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் முன்பணத்தை 2,00,000 ரூபாய் என்று தொகையாகவே எழுதிவிட்டோம். ஆண்டுவாரி வாடகை அட்டவணையையும் பின்னிணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்திட்டோம்.