புள்ளிப் பட்டியலை அச்சிடும் முன் சரிபார்ப்பது எப்படி?

போன வருடம் மூன்றாம் தவணை முடிந்த கையோடு, சாம்பல்தீவிலிருந்து ஒரு தாய் தன் மகளின் தேர்ச்சி அறிக்கையோடு உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்றக் கையில் கணித விடைத்தாள் இருந்தது. “தம்பி, கணிதத்துக்கு 72 எடுத்த பிள்ளை எப்படிக் கடைசியாக வரும்?” என்று கேட்டார். அறிக்கையிலும் கணிதத்துக்கு நேரே 72 என்றுதான் இருந்தது. மொத்தம் மட்டும் 249. விரலை மடித்துக் கூட்டிப் பார்த்தால் 321 வந்தது. பாடசாலைக்குப் பட்டியல் தட்டச்சு செய்து கொடுப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் அன்றைக்கே அந்தக் கோப்பை வாங்கித் திறந்தேன். அதில் கண்டதை, எக்செல் பழகத் தொடங்கும் வகுப்பாசிரியர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் பட்டியலின் அமைப்பு. A நிரலில் சுட்டெண், B-யில் பெயர், C முதல் G வரை ஐந்து பாடங்கள், H-இல் மொத்தம், I-இல் வீதம், J-யில் நிறையிட்ட சராசரி, K-யில் நிலை. இரண்டாம் நிரையில் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய உச்சப் புள்ளியையும், மூன்றாம் நிரையில் அதன் நிறையையும் எழுதுங்கள். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு சூத்திரத்துக்குள் 500 என்றோ 450 என்றோ நேரடியாக எழுதுவதுதான் பாதி வினைக்குக் காரணம். பிள்ளைகளின் புள்ளிகள் ஐந்தாம் நிரையில் தொடங்கட்டும். விளக்கத்துக்கு நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

| சுட்டெண் | தமிழ் | கணிதம் | விஞ்ஞானம் | ஆங்கிலம் | சித்திரம் |
|---|---|---|---|---|---|
| உச்சம் | 100 | 100 | 100 | 100 | 50 |
| நிறை | 2 | 3 | 2 | 2 | 1 |
| 17 | 81 | 72 | 68 | 59 | 41 |
| 18 | 76 | 64 | 70 | 66 | 38 |
| 19 | 90 | 55 | 67 | 74 | 28 |
| 20 | 85 | 70 | வரவில்லை | 61 | 44 |

அந்தக் கோப்பில் மொத்தத்துக்கு இந்தச் சூத்திரம்தான் இருந்தது:

```
=SUM(C5:G5)
```

சூத்திரத்தில் பிழை இல்லை. பிழை 72 என்ற கலத்தில் இருந்தது. அது எண்ணாக அல்ல, எழுத்தாகப் பதிந்திருந்தது. வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போதோ, கலம் எழுத்து வடிவத்தில் இருக்கும்போது தட்டச்சு செய்தாலோ இப்படி ஆகிவிடும். கண்ணுக்கு 72 தெரியும். SUM அதைத் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கையும் சொல்லாது. ஆகவே முதற்படி, கூட்டுவதற்கு முன் எண்ணுவது. L நிரலில் இதை எழுதிக் கடைசிப் பிள்ளை வரை இழுத்து விடுங்கள்:

```
=COUNT(C5:G5)
```

COUNT எண்களை மட்டுமே எண்ணும். ஐந்து பாடத்துக்கு 5 வர வேண்டும். 17-ஆம் சுட்டெண்ணுக்கு நேரே 4 வந்தது. எண்கள் வழமையாகக் கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும் என்பதும் ஓர் அடையாளம்தான். ஆனால் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தால் அந்த அடையாளம் மறைந்துவிடும். திருத்துவதற்கு, கலத்தின் வடிவத்தை General என்று மாற்றிவிட்டு 72-ஐ மீண்டும் தட்டச்சு செய்தால் போதும். வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் பழைய 72 எழுத்தாகவே கிடக்கும்.

பழைய ஆசிரியர்கள் பேரேட்டில் செய்வது போல நிரைகளின் கூட்டையும் நிரல்களின் கூட்டையும் ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். கடைசிப் பாடத்தை விட்டுவிட்டு F வரை மட்டும் கூட்டியிருந்தால் அந்தச் சோதனை பிடித்துவிடும். எழுத்தாகக் கிடக்கும் 72-ஐ அது பிடிக்காது. இரண்டு பக்கமும் அதே SUM அதே கலத்தைத் தாண்டுவதால், இங்கே இரண்டு பக்கமும் 1137 என்று பொருந்தியே நின்றன.

அடுத்தது வீதமும் நிறையிட்ட சராசரியும்.

```
=H5/SUM(C$2:G$2)*100
=SUMPRODUCT(C5:G5/C$2:G$2,C$3:G$3)/SUM(C$3:G$3)*100
```

இரண்டாவது சூத்திரம் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உச்சத்தால் வகுத்து, நிறையால் பெருக்கி, நிறைகளின் கூட்டால் வகுக்கிறது. வகுக்காமல் விட்டால் 50-க்கு 41 எடுத்த சித்திரம், 100-க்கு 41 எடுத்தது போலக் கணக்கில் சேரும். 17-ஆம் பிள்ளைக்கு இதை கையால் செய்து பாருங்கள்: 162, 216, 136, 118, 82, கூட்டு 714, பத்தால் வகுத்தால் 71.4.

இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பிழை இருந்த கோப்பிலும் J நிரலில் 71.4 என்றே இருந்தது! வகுத்தல் குறி வரும்போது எக்செல் எழுத்தாக உள்ள 72-ஐ எண்ணாக மாற்றிக்கொள்கிறது. SUM அப்படி மாற்றுவதில்லை. அதனால் ஒரே பிள்ளைக்கு வீதம் 55.33, நிறையிட்ட சராசரி 71.4. இவை இரண்டும் சமமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டுமே அந்தப் பிள்ளையின் மிகக் குறைந்த பாட வீதத்துக்கும் மிகக் கூடிய பாட வீதத்துக்கும் இடையில்தான் விழ முடியும். இந்தப் பிள்ளைக்கு மிகக் குறைந்தது ஆங்கிலத்தின் 59. அதற்குக் கீழே 55.33 வரவே முடியாது. சூத்திரமே தெரியாத பெற்றோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

வராத பிள்ளையின் கணக்கு வேறு. மாரி மழையில் வீதியில் வெள்ளம் நின்றால் பரீட்சைக்கு வராமல் போகும் பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. 20-ஆம் பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று எழுதினால் J நிரலில் `#VALUE!` வரும். அது நல்லதே, கேள்வி கேட்க வைக்கும். கலத்தை வெறுமையாக விட்டால் சத்தமில்லாமல் சுழியம் ஆகி 59 என்று வரும். எழுதிய நான்கு பாடங்களுக்கு மட்டும் நிறையிட்டால் 73.75. அது வகுப்பிலேயே அதிகம். எதை எடுப்பது என்பது அதிபர் சொல்ல வேண்டிய முடிவு, எக்செல் சொல்வதல்ல. என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்தத் தவணையில் நிலை போடாமல் விடுவதே நியாயம்.

நிலைக்கு வருவோம்.

```
=RANK(H5,H$5:H$8)
```

டொலர் குறியை விட்டுவிட்டு இழுத்தால் ஒவ்வொரு நிரையிலும் எல்லை கீழே நகர்ந்துகொண்டே போகும். பட்டியலின் கடைசிப் பிள்ளைக்கு எப்போதும் 1 வருகிறதென்றால் காரணம் இதுதான். பக்கத்தில் வேறொரு வழியால் கணித்து ஒப்பிடுங்கள். ‘என்னைவிடக் கூடுதலாக எடுத்தவர் எத்தனை பேர், அதோடு ஒன்று’ என்பதே இதன் பொருள்:

```
=COUNTIF(H$5:H$8,">"&H5)+1
```

18-க்கும் 19-க்கும் மொத்தம் 314 தான். இருவருக்கும் 2 வர வேண்டும், அவர்களுக்குக் கீழே வருபவருக்கு 4; 3 இருக்கக் கூடாது. நிறையிட்ட சராசரியில் இவர்கள் 69.2, 68.3 என்று பிரிகிறார்கள். ஆகவே நிலை எந்த நிரலை வைத்துப் போடப்பட்டது என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகக் கணக்குப் பார்ப்பார்கள்.

இப்போது நான் H, K நிரல்களை இப்படித்தான் எழுதுகிறேன். I நிரலுக்கும் இதே IF:

```
=IF(COUNT(C5:G5)=5,SUM(C5:G5),"")
=IF(H5="","",RANK(H5,H$5:H$8))
```

இது அன்றைக்கே இருந்திருந்தால் சாம்பல்தீவுப் பிள்ளையின் மொத்தம் 249 என்று வந்திராது, வெறுமையாக நின்றிருக்கும். வெறுமையான கலத்தை எந்த ஆசிரியையும் அப்படியே கையொப்பமிட்டு அனுப்ப மாட்டார். 72-ஐத் திரும்பத் தட்டியதும் 321 வந்தது, K நிரலில் அந்தப் பிள்ளைக்கு நேரே 1 என்று மாறியது.