பத்து ரூபாய் ஃபண்ட் மலிவானது இல்லை

2025-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு தாளை மடித்து எடுத்து வந்தார். "1,041 யூனிட் வெச்சிருந்தேன்டா. இப்ப 50 ஆயிரம் யூனிட்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். 2018 ஜூனில் ஒரு யூனிட்டின் விலை, அதாவது என்.ஏ.வி., 192 ரூபாயாக இருந்தபோது 2 லட்சம் போட்டு வாங்கிய ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்ட், அன்றைக்கு 480 ரூபாயில் நின்றது. "480 ஆயிடுச்சு, இனி எங்க ஏறும்? புதுசா ஒண்ணு வருது, பத்தே ரூபாய்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மொத்தத்தையும் விற்று, அந்த 5 லட்சத்தைப் புது ஃபண்டில் போட்டுவிட்டார்.

அவர் செய்த தவறு மிகச் சாதாரணமானது. கத்தரிக்காய் கிலோ 20, 40 என்று பார்த்து வாங்கிப் பழகிய கண்ணுக்கு, 10 ரூபாய் மலிவாகவும் 480 ரூபாய் விலை ஏறிப்போனதாகவும்தான் தெரியும். ஆனால் யூனிட் என்பது கிலோவைப் போல நிலையான அளவு இல்லை. ஃபண்டிடம் இருக்கும் பங்குகள், ரொக்கம் எல்லாவற்றின் அன்றைய சந்தை மதிப்பைக் கூட்டி, கொடுக்க வேண்டிய செலவுகளைக் கழித்து, இருக்கும் யூனிட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் என்.ஏ.வி. ஒரே அளவு கேக்கை 5 துண்டாகவும் வெட்டலாம், 50 துண்டாகவும் வெட்டலாம். துண்டு சின்னதாக இருந்தால் விலையும் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

இதில் பலருக்குப் புரியாமல் போகும் இடம் ஒன்று உண்டு. புது ஃபண்டு 10 ரூபாயில் ஆரம்பிப்பதால், அதற்குள் இருக்கும் பங்குகளும் மலிவாகக் கிடைத்தவை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. புது ஃபண்டு முதலில் கையில் வைத்திருப்பது நம்மிடம் வசூலித்த ரொக்கம் மட்டும்தான். அதைக் கொண்டு மேனேஜர் சந்தைக்குப் போய் இன்றைய விலையில்தான் பங்கு வாங்க வேண்டும். ஒரு பங்கு இன்று 1,400 ரூபாய்க்கு விற்றால், 480 ரூபாய் ஃபண்டும் அதை 1,400 என்றுதான் கணக்கில் வைத்திருக்கும். 10 ரூபாய் ஃபண்டும் அதே 1,400-க்குத்தான் வாங்கும். நாளைக்கு அந்தப் பங்கு 10 சதவீதம் ஏறினால் இரண்டு பேருக்கும் 10 சதவீதம்தான்.

பெரியப்பாவின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 5 லட்சத்தில் 0.005 சதவீத முத்திரைத் தீர்வை 25 ரூபாய் போக, புது ஃபண்டில் 49,997.5 யூனிட் கிடைத்தது. அதன் பங்குகள் 10 சதவீதம் ஏறினால் என்.ஏ.வி. 11 ரூபாய், கையில் 5,49,972 ரூபாய். பழைய ஃபண்டிலேயே இருந்து அதே 10 சதவீதம் ஏறியிருந்தால் 480 என்பது 528 ஆகியிருக்கும். 1,041.667 யூனிட்டுக்கு 5,50,000 ரூபாய். ஒரு பக்கம் ஒரு ரூபாய் ஏறியிருக்கிறது, இன்னொரு பக்கம் 48 ரூபாய். பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இறங்கும்போதும் இதே கதைதான். 10 ரூபாயில் இருப்பதால் "இதுக்கு மேல எங்க இறங்கும்" என்று நினைக்கவும் கூடாது. 10, 7 ஆனாலும் 480, 336 ஆனாலும் போனது 30 சதவீதம்தான்.

ஆனால் மாற்றியதற்கான செலவு மட்டும் நிஜம். விற்றதில் அவருக்கு லாபம் 3 லட்சம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்ட் என்பதால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. மீதி 1,75,000-க்கு 12.5 சதவீதம் வரி 21,875, அதன் மேல் 4 சதவீத செஸ் 875. ஆக மொத்தம் 22,750 ரூபாய். பழைய ஃபண்டு பிடிக்கவில்லை என்றால் இந்த வரியைக் கட்டிவிட்டு வெளியே வருவதில் தப்பில்லை. என்.ஏ.வி. பெரிசாகிவிட்டது என்ற காரணத்துக்காகக் கட்டியதுதான் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

"480 ரூபாய் ஃபண்டில் மாசா மாசம் 500 ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டா ஒரு யூனிட்தானே வரும்" என்றும் கேட்பார்கள். யூனிட் மூன்று தசம இடம் வரை பிரித்துத் தரப்படும். 2,000 ரூபாய் என்.ஏ.வி. உள்ள ஃபண்டில் 500 ரூபாய் போட்டால் 0.250 யூனிட் கணக்கில் ஏறும். அதில் எந்த நஷ்டமும் இல்லை.

இனி இந்த நம்பிக்கை நேராகவே கவிழும் இடத்துக்கு வருவோம். எந்த ஃபண்டையும் எடுத்து அதன் டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான் இரண்டின் என்.ஏ.வி.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்குகள் ஒன்றே, மேனேஜர் ஒருவரே. டைரக்ட் பிளானில் விற்பனையாளர் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. அதனால் வளர்ச்சி கொஞ்சம் கூடுதல். 2013 ஜனவரியில் டைரக்ட் பிளான்கள் வந்தபோது இரண்டும் 100 ரூபாயில் நின்றதாக வைத்துக்கொள்வோம். ரெகுலர் ஆண்டுக்கு 11 சதவீதமும், ஒரு சதவீதச் செலவு மிச்சமானதால் டைரக்ட் 12 சதவீதமும் வளர்ந்தால், 12 வருடத்தில் ரெகுலர் சுமார் 350, டைரக்ட் சுமார் 390. குறைந்த என்.ஏ.வி. உள்ளதுதான் இங்கே செலவு அதிகமான பிளான்! மலிவு என்று நினைத்து 350-ஐத் தேர்ந்தெடுப்பவர், வருடா வருடம் அந்த ஒரு சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

லாபத்தை ஃபண்டுக்குள்ளேயே விட்டுவைக்கும் குரோத் ஆப்ஷனுக்கும், அவ்வப்போது எடுத்துக் கொடுக்கும் ஐ.டி.சி.டபிள்யூ. ஆப்ஷனுக்கும் நடுவில் இன்னொரு பொறி. முன்பு டிவிடெண்ட் என்று சொல்லப்பட்டதற்கு 2021 ஏப்ரல் முதல் இதுதான் பெயர். ஃபண்டு யூனிட்டுக்கு 2 ரூபாய் கொடுத்தால் என்.ஏ.வி. அந்த 2 ரூபாய் குறையும், 20 என்பது 18 ஆகும். இப்படி வருடக்கணக்கில் பணத்தை வெளியே எடுத்துக் கொடுத்ததால்தான் ஐ.டி.சி.டபிள்யூ.வின் என்.ஏ.வி. சின்னதாக நிற்கிறது. வாங்கின அந்த 2 ரூபாய் நம் வருமானத்தோடு சேர்ந்து நம் வரி விகிதத்துக்கே போகும். இதையும் "விலை கம்மி" என்று வாங்கிவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் விலை மலிவா என்று பார்க்கவே முடியாதா? பார்க்கலாம், வேறு இடத்தில். செலவு விகிதம் எவ்வளவு என்று ஃபண்டின் மாதாந்திர அறிக்கையிலேயே இருக்கும். நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டுகள் இரண்டை ஒப்பிடும்போது நான் அதையும், குறியீட்டை விட ஒவ்வொன்றும் எவ்வளவு பின்தங்கியது என்பதையும் மட்டும்தான் பார்ப்பேன். ஒன்று 20 ரூபாயிலும் இன்னொன்று 200 ரூபாயிலும் இருக்கலாம். அது பெரும்பாலும் எந்த வருடம் ஆரம்பித்தது என்பதைத்தான் சொல்லும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பங்குகளைப் போலவே பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் இ.டி.எஃப். என்ற ஃபண்டுகளும், அங்கே கைமாறும் குறித்த கால ஃபண்டுகளும் என்.ஏ.வி.க்கு அல்ல, சந்தையில் யாராவது கேட்கும் விலைக்குத்தான் கிடைக்கும். என்.ஏ.வி. 100 இருக்கும்போது 104 கொடுத்து வாங்கினால் அது நிஜமாகவே கூடுதல் விலை, 97-க்குக் கிடைத்தால் நிஜமாகவே குறைவு. அங்கும் ஒப்பிட வேண்டியது அதே ஃபண்டின் சந்தை விலையையும் அதன் என்.ஏ.வி.யையும்தான்.

பெரியப்பா புது ஃபண்டை வைத்திருக்கிறார். திரும்ப மாற்றச் சொல்லவில்லை. முதல் வருடத்துக்குள் வெளியே வந்தால் 1 சதவீதம் வெளியேறும் கட்டணம் என்று அந்தத் தாளிலேயே இருந்தது.