கிணறு உப்பானால் யார் வழக்குப் போடலாம்?

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இறால் பண்ணை வந்த பிறகு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. யார் கோர்ட்டுக்குப் போவது?

முதலில், எதை எதிர்க்கிறோம் என்று பாருங்கள். உயர்நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு பெரும்பாலும் அரசின் செயல் மேல்தான். இறால் பண்ணைகளைப் பதிவு செய்யும் மத்திய அரசின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம் பண்ணைக்குக் கொடுத்த பதிவுச் சான்று அப்படியொரு செயல். புகார் கொடுத்தும் அதிகாரி அசையாமல் இருப்பதும் அப்படித்தான். சான்றின் நகல் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்து, என்ன கேட்கிறீர்கள்? யார் வழக்குப் போடலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். உங்கள் தோட்டக் கிணறு கெட்டது, நஷ்டஈடு வேண்டும் என்றால் நீங்கள் பாதிக்கப்பட்டவர்; அது உங்கள் சொந்த வழக்கு. ஊருக்கே குடிநீர் போச்சு, சான்றை ரத்து செய்யுங்கள் என்றால் பொதுநல வழக்கு. அதை ஊர்க்காரரோ மீனவர் சங்கமோ போடலாம். சொந்தப் பாதிப்பே இல்லாத வெளியூர்க்காரரும் போடலாம். 1996-இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது காந்தியவாதி ஜெகந்நாதன் போட்ட மனுவில்தான். அவர் கிணறு கெட்டது என்று கேட்டு வரவில்லை.

ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் ‘போட்டி குறையட்டும்’ என்று வந்தால் கதவு மூடும். ஒரு தியேட்டர்காரர் போட்டித் தியேட்டருக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்தபோது, வியாபார நஷ்டம் மட்டும் வழக்குப் போட உரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. வேறு பெயரில் ஆளை நிறுத்தினாலும் செலவு யார் கொடுக்கிறார் என்று கோர்ட் கேட்கும். பிடிபட்டால் வழக்குச் செலவும் தலையில் விழும்.

மூன்றாவது, அதிகாரிக்கு மனு கொடுங்கள். கலெக்டருக்கும் ஆணையத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டும் செய்யவில்லை என்று காட்டாமல் ‘செய்ய உத்தரவிடுங்கள்’ என்று போனால், பெரும்பாலும் ‘முதலில் மனு கொடுங்கள்’ என்றே திருப்பி அனுப்புவார்கள்.

இதற்கிடையில் தண்ணீர் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். இந்தக் கரையில் கோடையில் பல கிணறுகள் தானாகவே கரிக்கும். எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும். அதனால் பண்ணை ஓரக் கிணற்றிலும் தள்ளியிருக்கும் கிணற்றிலும் ஒரே நாளில் எடுங்கள். பாட்டிலில் தேதியும் இடமும் எழுதுங்கள். பண்ணை வருவதற்கு முந்தைய பரிசோதனை அறிக்கை ஊராட்சியில் கிடைத்தால் அதைவிடப் பலமான ஆதாரம் இல்லை.

கடைசியில், அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு. பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் யார், சொந்த ஆதாயம் இல்லை, செலவு யாருடையது என்று திறந்து சொல்லுங்கள். பண்ணை முதலாளியோடு வாய்க்கால் தகராறு இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்தது எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்தால் மனு அங்கேயே முடிந்தது. பொதுநல மனுவுக்குள் தோட்டக் கிணற்று நஷ்டஈட்டைச் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி வழக்கு.