வீட்டில் கல்யாணம்: குடியிருப்பவர்களுக்கு முன்னறிவிப்பு எழுதுவது எப்படி?

மாடியிலோ பக்கத்துப் போர்ஷனிலோ வாடகைக்கு ஆள் வைத்துக்கொண்டு, அதே வீட்டில் கல்யாணம் நடத்தும் உரிமையாளர்களுக்கான செய்முறை இது. “ஞாயிறு எங்கள் வீட்டில் விசேஷம், கொஞ்சம் ஒத்துழைக்கவும்” என்று ஒரு வரி அனுப்பினால் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. என் வண்டி எப்போது வெளியே போக முடியும்? சத்தம் எத்தனை மணிக்கு நிற்கும்? ஏதாவது பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் எழுத உட்கார வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே உரிமையாளர், மேலே இரண்டு குடித்தனம். கல்யாணம் ஞாயிறு காலை, வருபவர்கள் சுமார் 60 பேர்.

படி 1: சடங்கு நேரத்தை அல்ல, தொந்தரவு நேரத்தை எழுதுங்கள்

கல்யாணம் ஞாயிறு 9 முதல் 12 வரை என்பது விருந்தாளிகளுக்கான தகவல். மாடியில் இருப்பவருக்கு வெள்ளி மாலையே கல்யாணம் தொடங்கிவிடும், பந்தல் போட கம்பி இறக்கும் சத்தத்தோடு. பிறகு நாற்காலி வண்டி வரும், ஸ்பீக்கர் சோதிப்பார்கள், சனி மாலை உறவினர்கள் கூடுவார்கள். ஞாயிறு இரவு எல்லோரும் போனபின் பந்தல் பிரிப்பார்கள். சண்டை பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையில்தான் வரும். பந்தல்காரர் தனக்கு வசதியான நேரத்தில், சில சமயம் நள்ளிரவில், வந்து கம்பியைக் கீழே போடுவார். அதனால் அறிவிப்பு எழுதுமுன் அவரிடம் பேசி, பிரிப்பது திங்கள் காலை 8 மணிக்கு மேல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கூடுதலாக ஒரு நாள் வாடகை கேட்டாலும் ஒப்புக்கொள்வது நல்லது.

படி 2: பார்க்கிங்கை டேப் வைத்து அளந்து பாருங்கள்

கண்ணளவு இங்கே ஏமாற்றும். வீட்டு முகப்பு 20 மீட்டர், ஒரு கார் ஏறக்குறைய 4.5 மீட்டர், ஆகவே நான்கு கார் நிற்கும் என்று தோன்றும். ஆனால் கேட் நடுவில் 4 மீட்டர். வண்டி வளைந்து வர அதன் இருபுறமும் தலா ஒரு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். மிச்சம் பக்கத்துக்கு 7 மீட்டர். அதில் ஒரு கார் தாராளமாக நிற்கும், இரண்டு நிற்காது. ஆக, மொத்தமே இரண்டு கார்தான்.

60 பேரில் பாதிப்பேர் காரில், காருக்கு மூன்று பேராக வந்தாலும் பத்துக் கார். மிச்சம் எட்டுக்கு வேறு இடத்தை, அதன் உரிமையாளரிடம் கேட்டு, முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். அந்த இடத்தைப் பத்திரிகை அனுப்பும்போதே விருந்தாளிகளுக்குச் சொல்லிவிடுங்கள். வாசலுக்கு வந்தபின் சொன்னால் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

குடியிருப்பவரின் வண்டி நிற்கும் இடம் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் அது அவருடையது. “எடுத்துவிடுங்கள்” என்று உத்தரவு போடும் உரிமை உங்களுக்கு இல்லை. கேட்கலாம், மாற்று இடம் தரலாம், அவர் மறுக்கலாம். மறுத்தால் அந்த இடத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எது எப்படியானாலும் அவர் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி நிற்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியவர் பந்தலுக்குள் நுழைந்து கார் நம்பரைக் கூவும் நிலை வந்தால், அதற்குப்பின் எந்த மன்னிப்பும் எடுபடாது. விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டில் ஒருவரை நிறுத்துங்கள். நிற்க வைத்த பையன் பந்தியில் உட்கார்ந்துவிடுவான் என்பதால் மாற்றாள் ஒருவரும் தேவை.

படி 3: சத்தத்துக்கு இரண்டு நேரம் குறியுங்கள்

பாட்டு நிற்கும் நேரம் ஒன்று, வீடு அமைதியாகும் நேரம் இன்னொன்று. கடைசிப் பாட்டுக்குப் பிறகுதான் விடைபெறுதல், செருப்புத் தேடல், வண்டி கிளப்பல் எல்லாம். அதற்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். 10 மணிக்கு அமைதி என்று வாக்குக் கொடுத்தால் ஸ்பீக்கரை 9.30-க்கே நிறுத்த வேண்டும். உங்கள் பகுதியில் ஒலிபெருக்கிக்கு அனுமதியும் நேர வரம்பும் உண்டா என்பதைத் தனியாக விசாரியுங்கள். குடியிருப்பவர்கள் சரி என்று சொன்னது அந்த அனுமதிக்கு ஈடாகாது.

ஜன்னலை மூடினால் பாடகரின் குரல் குறையும். ‘தும் தும்’ என்ற அடித்தாளம் குறையாது. அது தரை, சுவர் வழியாக மேலே ஏறும். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இன்னும் கூடும். சுவரிலிருந்து தள்ளி, ஸ்டாண்டில், அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ போட்டு, முகத்தை மாடிக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். சோதனையின்போது மாடி வீட்டில் அனுமதி கேட்டு, ஜன்னலை மூடிக் கேட்டுப் பாருங்கள். அங்கே அடித்தாளம் மட்டும் கேட்டால் மொத்த ஒலியைக் குறைக்குமுன் பேஸைக் குறைப்பதுதான் பலன் தரும்.

படி 4: நேரில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்

இரண்டு வாரம் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கைக்குழந்தை, பரீட்சை, இரவு வேலை, உடம்பு சரியில்லாதவர் என ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு எழுதும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

> வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் மகளின் கல்யாணம் நம் வீட்டிலேயே நடக்கிறது. நீங்களும் குடும்பத்தோடு வர வேண்டும்.
>
> வெள்ளி மாலை 4 முதல் 7 வரை பந்தல் வேலை. சனி மாலை 6 முதல் 9.30 வரை பாட்டு. 10 மணிக்குள் அமைதியாகிவிடும். ஞாயிறு காலை 7 முதல் மதியம் 2 வரை கூட்டம் இருக்கும். பந்தல் பிரிப்பது திங்கள் காலை 8 மணிக்கு மேல்.
>
> உங்கள் வண்டி இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். ஞாயிறு 8 முதல் 10 வரை வாசலில் நெரிசல் இருக்கும். அந்த நேரத்தில் வெளியே போக வேண்டியிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், வழி விட்டு வைக்கிறோம். உங்களுக்கு அன்று விருந்தாளிகள் வந்தால் தாராளமாக வரட்டும். கார் என்றால் மட்டும் முன்பே சொல்லுங்கள்.
>
> எங்கள் விருந்தாளிகள் மாடிப்படி ஏறமாட்டார்கள். எதுவானாலும் என் தம்பியைக் கூப்பிடுங்கள்: (எண்).

தொடர்பு எண் பெண்ணின் அப்பாவுடையதாக இருக்கக் கூடாது. தாலி கட்டும் நேரத்தில் அவர் போனை எடுக்கமாட்டார். வேலை எதுவும் ஒப்படைக்கப்படாத, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும்.

குடியிருப்பவரின் விருந்தாளிகளுக்கு மட்டும் தடை போடும் உரிமையாளர்கள் உண்டு. அறுபது பேரை அழைத்துவிட்டு, மாடிக்கு வரும் இருவரைத் தடுப்பது எந்த நியாயத்திலும் சேராது.

குழுவில் பொதுவாகப் போடாமல் தனித்தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் முதலில் முணுமுணுப்பவரின் தொனியையே மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு நாள் முன்பு அதையே மறுபடி அனுப்பலாம். நேரம் மாறியிருந்தால் மாறியதை மட்டும் முதல் வரியில் சொல்லுங்கள்.

படி 5: மாடிப்படியும் தண்ணீரும்

“ஏறமாட்டார்கள்” என்று எழுதியாயிற்று. கழிப்பறை தேடுபவர்கள் ஏறத்தான் செய்வார்கள். படிக்கட்டின் அடியில் ஒரு கயிறும், கழிப்பறைக்கு அம்புக்குறி போட்ட அட்டையும் வையுங்கள். தண்ணீர்த் தொட்டி பொதுவானதாக இருந்தால் சமையலுக்கும் கை கழுவவும் தனி டிரம் நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு மதியம் மாடிக் குழாயில் காற்றுதான் வரும், அந்த நேரத்தில் மோட்டார் போட ஆள் கிடைக்காது.