ஏற்கப்பட்ட மாநாட்டு உரையிலிருந்து விலகுவது எப்படி: மாற்றுப் பேச்சாளருக்கு நேரம் விட்டு

உங்கள் உரை தேர்வாகிவிட்டது. அப்புறம் ஆபீஸில் தேதி இடிக்கிறது, அல்லது வீட்டில் ஏதோ ஒன்று. பேச முடியாது என்று தெரிந்துவிட்டது. முதல் தடவை இந்த நிலைமைக்கு வருகிற பலரும் "கடைசி வரை பார்ப்போம்" என்று காத்திருக்கிறார்கள். மாநாட்டு நிகழ்ச்சிக் குழுக்களில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: விலகுவதால் யாரும் கோபப்படுவதில்லை. அந்தக் காத்திருப்புதான் குழுவைக் கஷ்டத்தில் தள்ளுகிறது.

ஒரு உதாரணத்தோடு போகலாம். கோவையில் இருக்கும் ஒரு டெவலப்பர், ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஜூலை 15 அன்று நடக்கும் பைதான் மாநாட்டில் 30 நிமிடம் பேச வேண்டும். அதே வாரத்தில் அவருடைய புராடக்ட் ரிலீஸ் விழுகிறது என்று மே 6 அன்று தெரிகிறது.

முதலில், எவ்வளவு நாள் போதும் என்று கணக்கிடுங்கள்

"ரெண்டு வாரம் முன்னாடி சொன்னால் போதாதா?" என்று கேட்பார்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது அது. பெரும்பாலான மாநாடுகளில் தேர்வுக் குழு ஒரு வெயிட்டிங் லிஸ்ட் வைத்திருக்கும். அதில் முதலில் இருப்பவரும் இந்தியாவிலிருந்து வருபவராக இருக்கலாம். அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகலாம்.

நம் டெவலப்பர் மே 6 அன்றே எழுதினால், மாநாட்டுக்கு 70 நாள் இருக்கிறது. குழு அடுத்தவரைக் கேட்டு, அவர் சரி என்று சொல்ல ஒரு வாரம் வைத்துக்கொள்வோம். அழைப்புக் கடிதம் வாங்கி, அப்பாயின்ட்மென்ட் கிடைத்து, மே 25 அன்று விண்ணப்பிக்கிறார். விசா 45 நாள் இழுத்தால்கூட ஜூலை 9 அன்று முடிவு வந்துவிடும். அதே மெயிலை ஜூன் 20 அன்று அனுப்பினால் 25 நாள்தான் மிச்சம். அந்த மனிதரைக் கூப்பிடுவதில் அர்த்தமே இல்லை. குழு அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரைத் தேட வேண்டியதுதான். பட்டியலில் நல்ல உரையோடு காத்திருந்தவரின் வாய்ப்பு, அவர் எந்தத் தப்பும் செய்யாமலே போய்விடும்.

உள்ளூர் மாநாடு என்றால் இந்த இறுக்கம் இல்லை. மாற்றாக வருபவருக்கு விசா தேவையில்லை, ஸ்லைடு தயாரிக்க நேரம் கொடுத்தால் போதும். அதற்கும் மூன்று நான்கு வாரமாவது விடுங்கள்.

உங்கள் உரை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

பல மாநாடுகள் pretalx என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதில் உங்கள் கணக்குக்குள் போனால் உரையின் பக்கத்தில் நிலை தெரியும். `accepted` என்றால் அவர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை. விலகுவதற்கு இதைவிட நல்ல கட்டம் கிடையாது. உறுதிசெய்யும் பட்டனை அழுத்தாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் கெடு முடியும் வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க முடியாது.

`confirmed` ஆகிவிட்டது என்றால் அமைப்பாளர்தான் அதை `canceled` என்று மாற்ற வேண்டும். ஆகவே மெயில் கட்டாயம். இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பக்கத்தின் முகவரியில் `/me/submissions/K7RXNA/` போல ஆறெழுத்துக் குறியீடு இருக்கும். நூற்றுக்கணக்கான உரைகளுக்கு நடுவே உங்களுடையதை அவர்கள் தேடுவது அதை வைத்துத்தான்.

அரைகுறையாக எழுதாதீர்கள்

நாள் மாற்றினால் பேச முடியுமா, இணைந்து பேசுபவர் தனியாகச் சமாளிப்பாரா, ஆன்லைனில் பேச அனுமதி உண்டா என்பதையெல்லாம் மெயிலுக்கு முன்பே யோசித்துவிடுங்கள். முடியும் என்றால் அதைக் கேட்டு எழுதுங்கள். முடியாது என்றால் "ஒருவேளை வர முடியாமல் போகலாம்" என்று எழுத வேண்டாம். அந்த வரியை வைத்துக்கொண்டு குழு வேறு யாரையும் அழைக்க முடியாது, உங்களையும் நம்ப முடியாது.

மெயிலை நிகழ்ச்சிக் குழுவின் பொது முகவரிக்கு அனுப்புங்கள். தெரிந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நிறுத்தினால், அவர் லீவில் இருக்கும் வாரத்தில் உங்கள் செய்தியும் லீவில்தான் இருக்கும். எந்த மொழியில் எழுதினாலும் விஷயம் இந்த வரிசையில் வரட்டும்:

> பொருள்: உரையிலிருந்து விலகல் – K7RXNA – (உரையின் தலைப்பு)
>
> வணக்கம். ஜூலை 15 அன்று இருக்கும் என் உரையிலிருந்து விலகுகிறேன். வேலையில் தவிர்க்க முடியாத தேதி மோதல். இது உறுதியான முடிவு, ஸ்லாட்டை இப்போதே வேறொருவருக்குக் கொடுக்கலாம்.
>
> எனக்கு ஒதுக்கிய பயண உதவித்தொகை வேண்டாம். இன்னும் டிக்கெட், ஹோட்டல் எதுவும் போடவில்லை. பேச்சாளர் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுங்கள்.
>
> இதே தலைப்பில் பேசக்கூடிய ஒருவரைத் தெரியும், அவரிடம் கேட்டுவிட்டேன். தேவைப்பட்டால் தொடர்பு தருகிறேன்.

காரணம் ஒரு வரி போதும். உடல்நிலை, குடும்ப விஷயம் என்றால் "சொந்தக் காரணம்" என்றே எழுதலாம், யாரும் துருவ மாட்டார்கள். பணத்தைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தெளிவாகச் சொன்னால் அந்தத் தொகை பட்டியலில் உள்ள இன்னொருவருக்குப் போகலாம். சொல்லாவிட்டால் உங்கள் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும்.

நண்பரைப் பரிந்துரைப்பது நல்லதுதான், ஆனால் ஸ்லாட்டை நீங்களே அவருக்குக் கைமாற்றாதீர்கள். மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திய பட்டியல் அவர்களிடம் இருக்கிறது, முடிவு அவர்களுடையது. "உனக்குத்தான் இடம்" என்று நண்பரிடம் சொல்லிவைத்தால் நடுவில் அவர்தான் சங்கடப்படுவார்.

அனுப்பிய பிறகு

"கிடைத்தது, நீக்கிவிட்டோம்" என்ற பதில் வரும் வரை விலகல் முடியவில்லை. இரண்டு வேலை நாளில் பதில் இல்லை என்றால் அதே மெயிலின் கீழேயே மறுபடி எழுதுங்கள். ஸ்பேமில் போயிருக்கலாம்.

பதில் வந்த பிறகும் இணையதள அட்டவணையில் உங்கள் பெயர் சில நாள் இருக்கலாம். பதறாதீர்கள். pretalx-இல் அட்டவணை பதிப்பு பதிப்பாக வெளியாகும். குழு உள்ளே மாற்றினாலும், அடுத்த பதிப்பை வெளியிடும் வரை பழையதுதான் பொதுவில் தெரியும். அதற்குள் சமூக ஊடகத்தில் அறிவிக்க வேண்டாம், மாற்று ஏற்பாட்டோடு சேர்த்து அவர்கள் அறிவிக்கட்டும். "நான் பேசுகிறேன்" என்று முன்பு போட்ட பதிவை மட்டும் பிறகு திருத்திவிடுங்கள்.

கடைசி வாரத்தில்தான் தெரிகிறது என்றால் மெயிலோடு போனும் செய்யுங்கள். அந்த நேரத்தில் குழு வெளியே தேடாது. ஏற்கெனவே அங்கே வரவிருக்கும் பேச்சாளர் ஒருவரைக் கேட்கும், அல்லது அந்த அரைமணியைச் சிறு உரைகளுக்குக் கொடுக்கும். உங்கள் ஸ்லைடு தயாராக இருந்தால் சேர்த்தே அனுப்புங்கள், அதே துறையில் இருப்பவருக்கு உதவும்.

ஆய்வுக் கட்டுரை மாநாடு என்றால் கணக்கு வேறு. அங்கே கட்டுரையும் உரையும் கட்டப்பட்டவை. வாசிக்கப்படாத கட்டுரையை IEEE Xplore போன்ற தொகுப்பில் சேர்க்காமல் விடும் உரிமையை IEEE வைத்திருக்கிறது. அதனால் விலகுவதற்கு முன் இணையாசிரியர் யாராவது போய் வாசிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், வாசிப்பவர் மாறுவதற்கு மாநாட்டுக்குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.