பத்து என்று நினைத்தேன், ஒன்பதுதான் வந்தது

தண்டையார்பேட்டை மாடி அறையில் இருவர் தொடங்கிய எங்கள் மென்பொருள் கம்பெனியில் மொத்தம் 10,000 பங்குகள். ஊழியர்களுக்குப் பத்து சதவீதம் என்று 1,000 ஆப்ஷன், அதாவது பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை, ஒதுக்கினேன். அங்கேதான் தவறு. புதுப் பங்குகளும் சேர்ந்தால் மொத்தம் 11,000. அதில் 1,000 என்பது 9.09 சதவீதம்தான். பழைய 10,000 பங்குகள் மொத்தத்தில் 90 சதவீதமாக இருக்க வேண்டும்; 10,000-ஐ 0.9-ஆல் வகுத்தால் 11,111. ஆக, 1,111 ஒதுக்க வேண்டும். அடுத்த ஒன்றரை வருடத்தில் எடுக்கப்போகும் ஆட்களுக்குத் தனித்தனியாக எழுதிக் கூட்டியபோது ஏழு சதவீதம் வந்தது. மீதி மூன்றைக் கையிருப்பாக வைத்தோம்.

அப்புறம் வெஸ்டிங், அதாவது ஒதுக்கிய ஆப்ஷன் ஊழியருக்கு எப்போது உரிமையாகும் என்பது. எங்கள் முதல் டெவலப்பர் ஏற்கெனவே ஒரு வருடம் உழைத்தவர். அதனால் அவருடைய 144 ஆப்ஷனில் கால்வாசியை உடனே தரலாம் என்று எழுதியிருந்தேன். கம்பெனி செக்ரட்டரி தடுத்துவிட்டார். கம்பெனிச் சட்டத்தின் 2014 விதிகளின்படி, ஆப்ஷனை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் வெஸ்ட் ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள் கணக்கில் வராது.

சரி, மாற்றினோம். பன்னிரண்டாம் மாதம் 36, அதன்பின் மாதம் 3 வீதம் 36 மாதம். அவர் ஏற்கெனவே உழைத்த அந்த ஒரு வருடத்துக்காக எண்ணிக்கையை 192 ஆக்கினோம்: முதலில் 48, பிறகு மாதம் 4. கடிதத்தில் கையெழுத்திடும் முன், இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.