பிரீமியம் இரண்டு முறை பிடித்துவிட்டால் மெயில் எழுதுவது இப்படி

கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பு யுபிஐ-யில் பிரீமியம் கட்டுகிறோம். அதற்குள் NACH எனப்படும் ஆட்டோ டெபிட் கோரிக்கை வங்கிக்குப் போயிருக்கும். கெடு தேதியன்று மறுபடி பணம் பிடிக்கப்படும். இரட்டைப் பிடித்தம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் மெயிலின் தலைப்பிலேயே பாலிசி எண்ணைப் போடுங்கள். உள்ளே கதை வேண்டாம், ஸ்டேட்மென்ட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்:

"பாலிசி எண் 12345678. 10-06-2025 அன்று கெடு வந்த பிரீமியம் ரூ.8,450 இரண்டு முறை பிடிக்கப்பட்டுள்ளது. 08-06-2025: யுபிஐ, ரூ.8,450, குறிப்பு எண் (12 இலக்கம்). 10-06-2025: NACH, ரூ.8,450, குறிப்பு எண். இரண்டாவது தொகையை அடுத்த பிரீமியத்துக்கு வரவு வைக்காமல், பணம் எடுக்கப்பட்ட கணக்கிலேயே திருப்பிச் செலுத்தவும்."

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். சொல்லாவிட்டால் கூடுதல் பணத்தை முன்பணமாக வைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

வங்கியிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட் பிடிஎஃப், பிரீமியம் ரசீது, கேன்சல் செய்த காசோலை மூன்றையும் இணையுங்கள். செயலியின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பினால், குறிப்பு எண் முழுதாகத் தெரியவில்லை என்று திருப்பிக் கேட்பார்கள். மற்ற வரவு செலவு வரிகளை மறைக்கலாம். பெயரும் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கமும் தெரியட்டும்.

புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 14 நாளில் தீரவில்லையென்றால் அதே எண்ணுடன் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதியலாம்.